‘பகிரலாம்’ என்றால் யாருக்கு உரிமை? தனியுரிமைக் கொள்கையை எளிய தமிழில் எழுதும்போது

கேள்வி: மதுரையில் வீடுகளுக்குக் காய்கறி கொண்டு சேர்க்கும் செயலி ஒன்றை நடத்துகிறோம். வழக்கறிஞர் எழுதித் தந்த ஆங்கிலத் தனியுரிமைக் கொள்கையையும் பயன்பாட்டு விதிகளையும் நானே தமிழில் எழுதினேன். எளிதாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். வழக்கறிஞரோ சட்டப் பொருள் மாறிவிட்டது என்கிறார். இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: உங்கள் தமிழை நான் பார்க்கவில்லை. ஆனாலும் பிழை எங்கே இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. இத்தகைய மொழிபெயர்ப்புகளில் பெயர்ச்சொற்கள் அரிதாகவே வழுக்கும், வழுக்குவது வினைமுற்றுதான். ஒரு செயலைச் செய்தே தீர வேண்டுமா, செய்ய உரிமை மட்டும் உண்டா, செய்யக் கூடாதா என்பதைத் தமிழில் வாக்கியத்தின் கடைசிச் சொல் சொல்கிறது. கடினச் சொற்களை எளிதாக்குங்கள், நீண்ட வாக்கியங்களை உடையுங்கள். கடைசிச் சொல்லை மட்டும் ஓசைக்காக மாற்றாதீர்கள்.

உங்களைப் போன்ற செயலியில் வரக்கூடிய ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். ஆங்கில மூலத்தின் பொருள் இது: வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் ஆர்டரைச் சேர்ப்பிக்கத் தேவையான அளவுக்கு மட்டும் டெலிவரி ஊழியர்களுடன் பகிர நிறுவனத்துக்கு உரிமை உண்டு, கணக்கு மூடப்பட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் அவற்றை நிறுவனம் அழித்தாக வேண்டும், சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை மட்டும் விலக்கு. இதை எளிமையாக்குகிறோம் என்று பலர் இப்படி எழுதுவார்கள்:

“உங்கள் எண்ணையும் முகவரியையும் டெலிவரி ஊழியர்களுடன் பகிரலாம். கணக்கை மூடினால் 30 நாளில் அழிக்கப்படும்.”

படிக்க இதமாக இருக்கிறது. ஆனால் ‘பகிரலாம்’ என்பதில் யார் பகிர்வது என்பதே இல்லை. ‘-லாம்’ அனுமதியையும் குறிக்கும், நடக்கக்கூடும் என்பதையும் குறிக்கும், ‘வா, போகலாம்’ என்பதுபோல் அழைப்பையும் குறிக்கும். ‘தேவையான அளவுக்கு மட்டும்’ என்ற வேலி காணாமல் போய்விட்டது. ‘30 நாளில்’ என்பதை 30 நாள் முடிந்த பிறகு என்றும் ஒருவர் படிப்பார். ‘அழிக்கப்படும்’ என்ற செயப்பாட்டு வினை கடமை யாருடையது என்பதை மறைக்கிறது. கடைசியில் இருந்த விலக்கை முழுவதுமாக விட்டதால், மூலம் தராத வாக்குறுதி ஒன்றை உங்கள் நிறுவனம் தந்துவிட்டது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“உங்கள் ஆர்டரைக் கொண்டு வந்து சேர்க்க எவ்வளவு தேவையோ அந்த அளவுக்கு மட்டும், உங்கள் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் டெலிவரி ஊழியர்களுடன் பகிர எங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் கணக்கு மூடப்பட்ட நாளிலிருந்து 30 நாள்களுக்குள் அவற்றை நாங்கள் அழித்தாக வேண்டும். ஆனால், சட்டப்படி நாங்கள் வைத்திருக்க வேண்டிய தகவல்களுக்கு இந்த 30 நாள் கெடு பொருந்தாது.”

வாக்கியம் மூன்றாக உடைந்திருக்கிறது, சொல் எதுவும் கடினமில்லை, கடமை எதுவும் நகரவில்லை. விலக்கு தனி வாக்கியமாக வந்தாலும், ‘இந்த 30 நாள் கெடு’ என்ற தொடர் அதை அதன் விதியோடு கட்டி வைக்கிறது. அந்தக் கட்டு இல்லாவிட்டால் விலக்கு பகிர்தலுக்கா, அழித்தலுக்கா என்ற குழப்பம் வரும்.

ஆங்கிலத்தின் ‘மே’ எங்கு வந்தாலும் ‘-லாம்’ போடாதீர்கள். நிறுவனம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் என்றால் ‘எங்களுக்கு உரிமை உண்டு’. வாடிக்கையாளருக்குச் சட்டம் தரும் உரிமை என்றால் ‘உங்களுக்கு உரிமை உண்டு’. நடக்கக்கூடும் என்பது மட்டும் என்றால் ‘பகிர நேரலாம்’. ‘மே நாட்’ என்பது பெரும்பாலும் தடை. அதை ‘செய்யாமல் இருக்கலாம்’ என்று எழுதினால் தடையே சலுகையாகிவிடும்.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். ‘கடவுச்சொல்லை யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்பது அறிவுரை. ‘சொல்லக் கூடாது’ என்பது தடை. ‘சொல்ல வேண்டியதில்லை’ என்பது விடுதலை. மூலத்தில் தடை இருந்தால், கண்டிப்பாக ஒலிக்கிறதே என்று தயங்காமல் ‘கூடாது’ என்றே எழுதுங்கள். இன்னொரு கண்ணி ‘எல்லா’. முன்பு ஒரு நிறுவனத்துக்காக ‘உங்கள் எல்லாத் தகவல்களையும் பிறருடன் பகிர மாட்டோம்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘அப்படியானால் சிலவற்றைப் பகிர்வீர்களா?’ என்று அங்கே ஒரு ஊழியர் கேட்டார். அவர் கேட்டது சரிதான். ‘எந்தத் தகவலையும் பகிர மாட்டோம்’ என்பதே முழுமையான மறுப்பு.

தமிழுக்கே உரிய வசதி ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தின் ‘வீ’ நமக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டாகப் பிரிகிறது. நெருக்கமாக ஒலிக்கும் என்று ‘நாம்’ போடுபவர்கள் வாடிக்கையாளரையும் நிறுவனத்தின் கடமைக்குள் இழுத்துவிடுகிறார்கள். எப்போதும் ‘நாங்கள்’. அதேபோல் ‘ஒப்புதல்’ என்று தொடங்கினால் கடைசிவரை ஒப்புதல்தான். நடை அழகுக்காக இடையில் ‘சம்மதம்’, ‘இசைவு’ என்று மாற்றினால் வேறு ஏதோ ஒன்று கேட்கப்படுகிறது என்று படிப்பவர் எண்ணுவார்.

சரிபார்ப்பதற்கு, தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கும் வழக்கத்தை நான் அதிகம் நம்புவதில்லை. மாற்றுபவர் அறியாமலே வழக்கமான சட்டத் தொடரைப் போட்டு ஓட்டையை அடைத்துவிடுவார். மாறாக, மூலத்தின் ஒவ்வொரு விதிக்கும் ஒரு வரிசை வைத்து அட்டவணை போடுங்கள்: யார், யாருக்கு, எதை, கடமையா உரிமையா தடையா, எப்போது, எந்த விலக்குடன். பிறகு ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழை மட்டும் படித்து அதே அட்டவணையை நிரப்பட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மாறிய இடம் தானாகத் தெரியும். உங்கள் பழைய வடிவம் இந்தச் சோதனையில் ‘யார்’ என்ற கட்டத்திலும் ‘விலக்கு’ என்ற கட்டத்திலும் வெறுமையாக நிற்கும் என்று நினைக்கிறேன். மூலத்திலேயே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் நீங்களாக நிரப்பாதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அட்டவணை ஒத்துப்போன பிறகு நாலைந்து வாடிக்கையாளர்களிடம் கொடுத்து, ‘கணக்கை மூடினால் என் எண் எப்போது அழியும், எப்போது அழியாது?’ என்று கேளுங்கள். ‘புரிகிறதா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.

‘முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும்’ என்ற வரி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் கேட்கும் கோரிக்கை தெளிவான எளிய மொழியில் இருக்க வேண்டும். அதை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. உங்கள் வாடிக்கையாளர் தமிழைப் படித்துத்தான் பொத்தானை அழுத்துகிறார். அவர் படிக்காத ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் நிபந்தனைக்கு அவர் ஒப்புதல் தந்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த வரி வேண்டுமா என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். மூலத்தில் அது இருந்தால் தமிழிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களாகச் சேர்க்கக் கூடாது.