இன்டர்காமில் ‘வணக்கம்’ ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 60 வீடுகள், நான் சங்கச் செயலாளர். இன்டர்காமை எடுத்ததும் ‘ஹலோ’வுக்குப் பதில் ‘வணக்கம்’ சொல்வது என்று சங்கக் கூட்டத்தில் கைதட்டி முடிவு செய்தோம். மூன்று மாதமாகிறது, நானும் இன்னும் இரண்டு பேரும்தான் சொல்கிறோம். எந்த ஒலியாக இருந்தாலும் எல்லோரும் சொன்னால் வழக்காகிவிடும் என்கிறார்களே, இது மட்டும் ஏன் ஒட்டவில்லை?

பதில்: எந்த ஒலியும் ஆகும் என்பது காலியான இடத்துக்குத்தான் பொருந்தும். நீங்கள் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் துண்டு போட்டிருக்கிறீர்கள்.

‘ஹலோ’ அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்தது என்று பார்ப்போம். தொலைபேசி வந்த புதிதில், முகம் தெரியாத ஒருவரைக் கம்பி வழியே எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடித்த கிரகாம் பெல் விரும்பியது ‘அஹாய்’, கப்பல்காரர்கள் கூவி அழைக்கும் சொல். எடிசனோ 1877 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் தந்தி நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், ‘ஹலோ’ என்றால் 10, 20 அடி தூரத்துக்குக் கேட்கும், அழைப்பு மணியே வேண்டாம் என்றார். கவனியுங்கள், அவருக்கு அது மரியாதைச் சொல் அல்ல, மணிக்குப் பதிலான சத்தம்.

1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களோடு தொலைபேசி இணைப்பகம் தொடங்கியது. அந்த ஆண்டு அது வெளியிட்ட கையேடு, பேச்சை ‘ஹலோ’வின் பழைய வடிவமான ‘ஹல்லோவா’ என்று தொடங்கச் சொன்னது. முடிக்கும்போது ‘அவ்வளவுதான்’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலத் தொடரைச் சொல்லச் சொன்னது. இரண்டும் ஒரே புத்தகத்தின் கட்டளைகள். முதலாவது உலகம் சுற்றியது, இரண்டாவது செத்துப்போனது. விடைபெற ‘குட்பை’ ஏற்கெனவே இருந்ததே, பிறகு அது எதற்கு? பெல்லின் புகழ் ‘அஹாய்’க்கும் உதவவில்லை. தீர்மானத்தை மட்டும் நம்பும் செயலாளர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

தொடக்கச் சொல்லைப் பரப்பியதில் இணைப்பகத்துப் பெண்களுக்குப் பெரிய பங்கு என்பது என் கணிப்பு. ஒருவரை அழைக்க வேண்டுமானால் முதலில் அவர்களிடம்தான் பேச வேண்டும். அமெரிக்கர்கள் அவர்களை ‘ஹலோ பெண்கள்’ என்றே அழைத்தார்கள். புதிதாக இணைப்புப் பெற்றவர் முதலில் கேட்ட குரல் எதைச் சொன்னதோ, அடுத்தவரும் அதையே எதிர்பார்ப்பார் என்று நினைத்துத் தாமும் சொன்னார். மரபு என்பதே அந்த எதிர்பார்ப்புதான். சொல்லைப் பிடித்ததால் அல்ல, மற்றவர் அதைத்தான் சொல்வார் என்பதால் சொல்கிறோம்.

உங்கள் வளாகத்தில் இணைப்பகம் எது? வாயிற்காவலரின் அறை. கூரியர், தண்ணீர் கேன், விருந்தாளி என்று அநேகமாக எல்லா வீடுகளோடும் பேசும் ஒரே குரல் அவருடையது. உங்கள் கூட்டத்துக்கு அவரை அழைத்தீர்களா?

இன்னொரு சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. இன்டர்காமை எடுப்பவரின் ‘ஹலோ’வுக்கு ‘காதில் விழுகிறதா?’ என்றுதான் பொருள். இரைச்சல் வந்தால் ‘ஹலோ, ஹலோ’ என்று அடுக்கலாம். ‘வணக்கம், வணக்கம்’ என்று அடுக்கினால் மேடைப்பேச்சு போலிருக்கும். எதிர்முனையில் பக்கத்து வீட்டுச் சிறுவன் இருந்தால் பெரியவர் நாக்கு இன்னும் தயங்கும். ஆகவே ‘ஹலோ’வைத் துரத்த வேண்டாம். அடுத்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. வீட்டார் ‘ஹலோ’ என்றதும் காவலர் ‘வணக்கம், வாசலிலிருந்து பேசுகிறேன்’ என்று தொடங்கட்டும். பதில் வணக்கம் சொல்லாமலிருப்பது நம்மவர்களுக்குச் சங்கடம், அது உங்களுக்குச் சாதகம்.

எத்தனை பேர் வேண்டும் என்றும் யோசிப்பீர்கள். 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு சோதனையில், 20 முதல் 30 பேர் கொண்ட குழுக்கள் ஒரு படத்துக்குப் பெயர் வைத்து ஒத்துப்போயின. பிறகு வேறு பெயரையே பிடிவாதமாகச் சொல்லும் சிலரை உள்ளே விட்டார்கள். அவர்கள் நாலில் ஒரு பங்கை எட்டியபோது குழு மாறியது, அதற்குக் கீழே இருந்தபோது பழைய பெயரே நின்றது. உங்கள் கணக்கில் அது 15 வீடு. மூன்று பேர் போதாது. ஆனால் அது இணையத்தில், காசு கொடுத்து நடத்திய விளையாட்டு, 15ஐ வேதவாக்காக்க வேண்டாம். அந்தப் 15 வீடும் ஒரே மாடியில் இருந்தால், அந்த மாடிக்குள் ஒரு வழக்கு, மற்ற மாடிகளில் இன்னொன்று என்று நின்றுவிடலாம். மாடிக்குச் சிலராகத் தேர்ந்தெடுங்கள்.

ஒட்டியதா என்று பார்க்க உங்களோடு பேசுகிறவர்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். செயலாளர் என்பதற்காகச் சொல்வார்கள். தீர்மானத்தைப் பற்றியே கேள்விப்படாத புதுக் குடித்தனக்காரர் இரண்டாவது வாரத்தில் காவலரிடம் என்ன சொல்கிறார் என்று காவலரிடமே விசாரியுங்கள்.