எஸ்.ஐ.பி. காத்திருக்கட்டும்

அன்புள்ள அண்ணா,

நான் கருங்கல் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். மாதாமாதம் 15,000 ரூபாயை எஸ்.ஐ.பி.யாகப் பங்கு ஃபண்டில் போடுகிறாள், பேங்கில் 20,000 கூட இல்லை. அவளுக்கு இப்படி எழுதினேன்: "மக்களே, முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வை. அது சேரும்வரை எஸ்.ஐ.பி.யை நிறுத்து. அதற்குள் அவசரம் வந்தால் நம்ம சீட்டு கிடக்கு, எடுத்துக்கலாம்." பணத்தைச் சும்மா போட்டு வைத்தால் கூட்டுவட்டி போய்விடும், உனக்கு மார்க்கெட் தெரியாது என்கிறாள். நான் எழுதியது சரிதானா? எந்த பேங்கில் போடச் சொல்லட்டும்?

ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சர்,

எந்த பேங்க் என்பது பெரிய விஷயமே இல்லை. சம்பளம் வரும் கணக்கிலும் ஜிபே இணைத்த கணக்கிலும் இல்லாமல், வேறொரு கணக்கில் எஃப்.டி.யாகக் கிடந்தால் போதும். இடையில் உடைத்தால் வட்டியில் ஒரு சதவீதம்போலக் குறைப்பார்கள், அவ்வளவுதான்.

மகள் சொல்வதற்கு வருகிறேன், ஏனென்றால் போன வாரம் என் சித்தப்பா மகனோடு இதையே பேசிக்கொண்டிருந்தேன். அவன் வளைகுடாவில் இருந்தான். மார்த்தாண்டத்தில் வீட்டுக் கடன், கையில் ரொக்கம் கிடையாது, சேமிப்பு முழுக்கப் பங்கு ஃபண்டில். 2020 ஜனவரியில் அது நாலு லட்சம். அந்த மாதம் 42,000 புள்ளியைத் தாண்டியிருந்த சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே போய் முடிந்தது. அதே மாதக் கடைசியில்தான் அவன் கம்பெனி சம்பளத்தை நிறுத்தியது. தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் வேறு வழியில்லாமல் மொத்தத்தையும் விற்றான், கிடைத்தது 2,80,000. நவம்பரில் சென்செக்ஸ் மறுபடி 42,000க்கு மேலே வந்துவிட்டது. எட்டு மாதம் தாக்குப்பிடிக்கப் பணம் இருந்தவர்களுக்கு அந்தச் சரிவில் நஷ்டமே இல்லை, இவனுக்கு 1,20,000 போனது போனதுதான்.

இதைத்தான் உங்கள் மகள் பார்க்கவில்லை. மார்க்கெட் விழுவதும் வேலை போவதும் தனித்தனி விபத்து என்று நினைக்கிறாள். கம்பெனிகளுக்கு ஆர்டர் குறையும்போது பங்கும் விழும், ஆளும் குறைப்பார்கள். பல சமயம் இரண்டுக்கும் காரணம் ஒன்று. அதனால் பணம் ரொம்பத் தேவைப்படும் நாளிலேயே ஃபண்டின் விலை மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம். பொறுத்திருந்தால் ஏறும் என்பது சரி, ஆனால் வாடகை பொறுக்காதே.

கூட்டுவட்டிக் கணக்கையும் போட்டே பார்ப்போம். சம்பளத்தை விடுங்கள், நிறுத்தவே முடியாத செலவை மட்டும் கூட்டுங்கள். வாடகை, சாப்பாடு, கல்விக் கடன், கரண்ட், போன் எல்லாம் சேர்த்து 38,000 என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 2,28,000. எஸ்.ஐ.பி. பணத்தை அப்படியே திருப்பினால் பதினைந்து மாதத்தில் சேர்ந்துவிடும். பங்கு ஃபண்ட் 12 சதவீதம் தரும் (நிச்சயமில்லை, இருந்தாலும் தரட்டும்), எஃப்.டி. 6 தரும் என்றே எடுத்துக்கொள்வோம். இந்தப் பணம் முடங்கிக் கிடப்பதால் அவள் இழப்பது வருஷத்துக்குச் சுமார் 13,700 ரூபாய். பணமில்லாமல் 1,50,000 ஆஸ்பத்திரி பில்லை கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுக் கட்ட முடியாமல் போனால், மாதம் மூன்றரை சதவீதம் என்ற கணக்கில் முதல் மாத வட்டியே 5,250, வரி தனி. மூன்றே மாதத்தில் அந்த 13,700ஐத் தாண்டிவிடும்.

இனி உங்களிடம் கொஞ்சம் கோபம். அந்தச் சீட்டு வரியை எதற்கு எழுதினீர்கள்? நம்ம ஊரில் எல்லாருக்கும் இந்த நினைப்பு உண்டு, சீட்டு கிடக்கு, பிறகென்ன பயம் என்று. ஏலம் மாதத்துக்கு ஒரு தடவை. உங்களைப்போலவே அவசரத்தில் இருக்கிற இன்னும் இரண்டு பேர் அன்றைக்கு வந்து உட்கார்ந்தால், தள்ளித் தள்ளி இரண்டு லட்சம் சீட்டை ஒன்றரை லட்சத்துக்குக் கேட்க வேண்டிவரும். ஏலம் கிடைத்தாலும் ஜாமீன்காரர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் கைக்கு வரும். அப்புறம் மிச்ச மாதத் தவணையும் கட்டியாக வேண்டும், வேலை போன வீட்டில் அது இன்னொரு கடன். சீட்டு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, வீட்டு வேலைக்கோ கல்யாணத்துக்கோ ஆகும். அதை அவசரப் பணமாக எண்ணாதீர்கள்.

ஆறு மாதம் என்று எழுதினீர்களே, அது எனக்கு மிகவும் பிடித்தது. மாதம் பிறந்தால் சம்பளம், இப்போது பென்ஷன் என்று வாழ்ந்த உங்களுக்கு மூன்று மாதமே தாராளம். மகள் வேலை அப்படியில்லை என்று யோசித்து எழுதியிருக்கிறீர்கள், பெற்ற மனசு.

ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தே முடிந்துவிடும். அவள் பெயரில் தனியாக ஒரு பாலிசி இப்போதே எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருப்பதால், வேலை போன பிறகு எடுத்தால் உடனே உதவாது. அந்தப் பிரீமியத்தையும் 38,000 கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.