கீதையின் முதல் சுலோகம் 6.23.1-ஆ, 6.25.1-ஆ?

கேள்வி: ஒரு கட்டுரையில் 'மகாபாரதம் 6.23.1' என்று பார்த்தேன். என் புத்தகத்தில் அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. கீதையே 25-ஆம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. கட்டுரை தவறா, புத்தகம் தவறா? நான் எப்படி மேற்கோள் காட்டுவது?

இரண்டுமே சரிதான். முதல் எண் பர்வம் (6 என்றால் பீஷ்ம பர்வம்), அடுத்தது அத்தியாயம், கடைசியில் சுலோகம். ராமாயணத்தில் இதே வரிசை காண்டம், சர்க்கம், சுலோகம் என்று வரும்.

கட்டுரையாளர் பயன்படுத்தியது புணே பண்டார்கர் நிறுவனத்தின் செம்பதிப்பு. பல பகுதிகளின் சுவடிகளை ஒப்பிட்டு 1966-இல் முடித்த பதிப்பு அது. பிற்சேர்க்கை என்று பட்டவற்றை மூலத்திலிருந்து எடுத்து அடிக்குறிப்பிலும் பின்னிணைப்பிலும் போட்டார்கள். பீஷ்ம பர்வத்தில் கீதைக்கு முன்பே அப்படி எண்கள் குறைந்ததால் 25 அங்கே 23 ஆனது. உங்கள் கையில் இருப்பது நீலகண்டர் உரையோடு பரவிய வழக்குப் பாடத்தைச் சார்ந்த அச்சு.

சரி, எப்போதும் இரண்டைக் கழித்தால் போதுமா? போதாது. விஷ்ணு சகஸ்ரநாமம் வழக்குப் பாடத்தில் 13.149, செம்பதிப்பில் 13.135, இங்கே வித்தியாசம் பதினான்கு. சுலோக எண்ணும் நகரும். வால்மீகியின் 'மா நிஷாத' வழக்குப் பாடத்தில் 1.2.15, பரோடா செம்பதிப்பில் 1.2.14. மூன்று அடிகளை ஒரே சுலோகமாக எண்ணுவதா, ஒன்றரை சுலோகமாகப் பிரிப்பதா என்பதிலும் பதிப்பாளர்கள் ஒத்துப்போவதில்லை. கீதைக்குள்ளேயே 13-ஆம் அத்தியாயத்தில் சில பதிப்புகள் அர்ஜுனனின் கேள்வி ஒன்றை முதலில் சேர்க்கின்றன. அப்புறம் அந்த அத்தியாயம் முழுக்க எண் ஒன்று தள்ளிப்போகும்.

அதனால் எண்ணை வைத்துத் தேடாதீர்கள். சுலோகத்தின் முதல் சொற்களை, 'தர்மக்ஷேத்ரே குருக்ஷேத்ரே' என்பது போல, வைத்துத் தேடுங்கள். புத்தகத்தின் பின்னால் சுலோக முதற்குறிப்பு அகராதி இருந்தால் வேலை எளிது. செம்பதிப்பின் மூலத்தில் கிடைக்கவில்லையென்றால் சுலோகமே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். ராமாயணத்தின் யுத்த காண்டத்தில் வரும் ஆதித்ய ஹ்ருதயம் பரோடா செம்பதிப்பில் பின்னிணைப்பில்தான் இருக்கிறது. அதற்கு சர்க்க எண்ணே கிடையாது.

பழைய ஆய்வுகளில் பர்வம், சுலோகம் என்று இரண்டே எண்கள் இருந்தால், அது பெரும்பாலும் 1830-களின் கல்கத்தா பதிப்பு. அதில் பர்வம் முழுவதற்கும் சுலோகங்களைத் தொடர்ந்து எண்ணியிருப்பார்கள். அத்தியாயத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நீங்கள் எழுதும்போது பதிப்பின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். நான் 'மகாபாரதம் (செம்பதிப்பு) 6.23.1 = வழக்குப் பாடம் 6.25.1' என்று இரண்டையும் தருவேன். ஒரு பாதத்தை மட்டும் சுட்ட வேண்டுமென்றால் எண்ணுக்குப் பின் a, b, c, d சேர்ப்பது வழக்கம், 6.23.1a என்றால் 'தர்மக்ஷேத்ரே குருக்ஷேத்ரே' மட்டும்.