ஸ்நாட்சில் பார் ஏன் முன்னால் விழுகிறது?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் பளுதூக்கலில், எடைக் கம்பியான பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச் பயிற்சி செய்கிறேன். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் முழுதாக நீட்டியும் 50 கிலோ பார் முன்னால் விழுகிறதே, ஏன்?

பதில்: மூன்று மூட்டுகளும் ஒரே வீச்சில் நிமிர்ந்து தரையை அழுத்தும் விசைதான் பாரை மேலேற்றுகிறது, அதுவரை கைகள் கயிறுபோல நீண்டே இருக்க வேண்டும். உங்கள் பார் இடுப்பிலிருந்து 10 செ.மீ. கூடுதலாக விலகினாலே, இடுப்பின் மீது ஏறத்தாழ 49 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் கூடுவதுடன், உடலும் பாரும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பாத நடுவிலிருந்து விரல்களை நோக்கி நகர்கிறது. அந்நிலையில் எவ்வளவு நீட்டினாலும் விசையின் ஒரு பங்கு பாரை முன்னோக்கியே தள்ளும்.

பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். பாதங்கள் புறப்பட்ட இடத்துக்கு முன்னால் இறங்கினால் பெரும்பாலும் இதுவே காரணம். முழங்காலைத் தாண்டியதும், அக்குளுக்குக் கீழுள்ள முதுகுத் தசையால் பாரைத் தொடையை ஒட்டி இழுங்கள். அது இடுப்பு மடிப்பை உரசி மேலேற வேண்டும், இடித்துத் தெறிக்கக் கூடாது.