பெயரை மாற்றினாலும் பொருந்துகிறதா என்று பாருங்கள்

"சார், சத்துவாச்சாரியில் இருந்தபடி பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுத்துத் தருகிறேன். சீனியர் இன்ஜினியர்களுக்கு 'உங்கள் கிட்ஹப் பார்த்தேன், அசத்தல்' என்று எழுதினால் பதிலே வருவதில்லை. நிஜமாகவே படித்தேன் என்று எப்படிக் காட்டுவது?"

'அசத்தல்' என்ற வரியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதுதான் சிக்கல். அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்துகிற வரி வேண்டும். அது முகப்பில் பின் செய்த ரெப்போவில் பெரும்பாலும் இருக்காது, பாதிப் பேர் கல்லூரி ப்ராஜெக்டை அப்படியே விட்டிருப்பார்கள். சீனியரின் கை தெரிவது அவர் அடுத்தவர் கோடைப் பார்த்துச் சொல்லும் இடத்தில்தான். கிட்ஹப் தேடலில் அவர் யூசர்நேமை வைத்து இப்படிப் போடுங்கள்:

```
is:pr reviewed-by:USERNAME -author:USERNAME
```

வருவதில் பேச்சு நீண்டு போனதைத் திறங்கள். கோடு புரியாவிட்டாலும் யார் எதை மறுத்தார், கடைசியில் எது நின்றது என்பது புரியும்.

நான் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆள் தேடியபோது ஒரு ரிவ்யூ கிடைத்தது. பெரிய டேபிளுக்கு யாரோ சாதாரண `CREATE INDEX` போட்டிருந்தார். அது முடியும்வரை அந்த டேபிளில் புதிதாக எதுவும் எழுத முடியாது. ரிவ்யூ செய்தவர் அதைத் தவிர்க்க `CONCURRENTLY` சேர்க்கச் சொன்னார், அதோடு விடவில்லை, நடுவில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று மிச்சம் கிடக்கும், அதை நீக்கும் வழியையும் எழுதிவை என்று பிடிவாதமாக நின்றார். நான் எழுதியது இது:

"வணக்கம். பாதியில் தோற்ற இன்டெக்ஸை நீக்கச் சொல்லி நீங்கள் ரிவ்யூவில் வற்புறுத்தியதைப் படித்தேன். நான் டேட்டாபேஸ் ஆள் இல்லை, எங்கள் டீம் லீடிடம் கேட்டுத்தான் புரிந்தது. அவர்களும் ஆர்டர் டேபிளை நிறுத்தாமல் மாற்ற முடியாமல் திணறுகிறார்கள், அதற்குத்தான் ஆள் தேவை. சம்பளம் இவ்வளவு, வாரம் இரண்டு நாள் ஆபீஸ். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை போதும்."

டீம் லீடிடம் கேட்டதை மறைக்காதீர்கள், தெரிந்த மாதிரி நடித்தால் போனில் ஐந்து நிமிடம் தாங்காது. ஆர்டர் டேபிள் வரிதான் மெசேஜின் உயிர். டீமுக்கு அப்படியொரு தலைவலி இல்லையென்றால் அந்த ரிவ்யூவை இழுக்காதீர்கள், வேறொன்றைத் தேடுங்கள். ஆபீஸ் நாட்களையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், காட்பாடியில் பெங்களூர் ரயில் ஏறுகிறவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

ஒருமுறை நான் வாயாரப் புகழ்ந்த கோடுக்கு "அது நான் எழுதியதே இல்லை" என்று பதில் வந்தது. அது வேறொருவர் ரெப்போவின் நகல், பெயருக்குக் கீழே `forked from` என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை!

அப்புறம், கமிட்டில் தெரியும் இமெயிலை எடுத்து அதற்கு அனுப்பாதீர்கள். கேட்காத மெயில் அனுப்ப அங்கிருந்து விவரம் எடுப்பதை கிட்ஹப் விதியே தடுக்கிறது, லிங்க்ட்இன்னில் எழுதுங்கள். பொதுவில் எதுவுமே இல்லாதவர் என்றால், படித்தேன் என்ற பேச்சையே விட்டுவிட்டு வேலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.