1080 மானிட்டரில் 4கே வரைவது: டிஎஸ்ஆர் கேள்வி பதில்

கார்டு ஆர்டிஎக்ஸ் 4070, மானிட்டர் பழைய 1080. திரையில் இருக்கிற பிக்சல் அவ்வளவுதான், அதுக்கு மேல வரைஞ்சு சுருக்கினா வெறும் ஏமாத்துதானே?

பாதி சரி. டிஎஸ்ஆர் என்பது, திரையில் உள்ளதைவிடப் பெரிய அளவில் கேமை வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டும் என்விடியா வசதி. அதனால் திரையில் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. கூடுவது, ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் முடிவு செய்யப் பார்க்கும் இடங்கள். சாதாரணமாக கார்டு பிக்சலின் நடுவில் ஒரே இடத்தைப் பார்க்கும். தூரத்து மின்கம்பி அங்கே பட்டால் கம்பி, படாவிட்டால் வானம். கேமரா நகரும்போது கம்பி விட்டுவிட்டு மினுங்குவது அதனால்தான். டிஎஸ்ஆரில் 4.00x வைத்தால் ஒரு திரைப் பிக்சலுக்கு நான்கு இடம் பார்த்துக் கலக்கும். கம்பி மெலிசாக, ஆனால் அறுபடாமல் நிற்கும். வேலி, புல், தலைமுடி எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரியும். ஓரங்களை மென்மையாக்க டிஏஏ போட்டுப் படத்தையே மங்கலாக்கும் புதிய கேம்களில் அந்த மங்கலும் நன்றாகக் குறையும். எனக்கு அதுதான் பெரிய லாபம்.

அப்போ 4.00x-ன்னா 1920 × 4, அதாவது 7680 அகலமா? கார்டு தாங்குமா ப்ரோ?

இல்லை. அந்த எண் மொத்தப் பிக்சலுக்கானது, அகலத்துக்கானது அல்ல. உங்கள் திரையில் 4.00x என்பது 3840×2160, 2.25x என்பது 2880×1620. என்விடியா கண்ட்ரோல் பேனலில் `Manage 3D settings` போய் `DSR - Factors`-இல் டிக் செய்யுங்கள். பிறகு கேமுக்குள் அந்த ரெசொல்யூஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டு "ஒண்ணும் மாறல" என்கிறார்கள்.

எனக்கு 120 எஃப்பிஎஸ் வருது. 4.00x போட்டா சரியா 30 ஆயிடுமா?

கொஞ்சம் மேலே நிற்கும். 120 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 8.3 மில்லிசெகண்ட். அதில் 7 பிக்சலோடு வளரும் வேலை, 1.3 வளராத வேலை என்று வைத்துக்கொள்வோம். 4.00x-இல் 28 + 1.3, சுமார் 34 எஃப்பிஎஸ். 2.25x-இல் ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட், 59 எஃப்பிஎஸ். கணக்கு கேமுக்குக் கேம் மாறும்.

முதலில் சாதாரண 1080-இல் ஜிபியு எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று பாருங்கள். 60 தான் என்றால் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் சிபியு. அந்த மிச்சம் தீரும்வரை டிஎஸ்ஆர் கிட்டத்தட்ட இலவசம். 98-இல் நின்றால் ஏற்றும் ஒவ்வொரு படிக்கும் விலை உண்டு. சராசரி நன்றாக இருந்தும் திரும்பும்போதெல்லாம் வெட்டி வெட்டி ஓடினால் கார்டின் நினைவகமான விரேம் நிரம்பியிருக்கலாம். 8 ஜிபி கார்டில் முதலில் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

இதைப் போட்டா யூட்யூப் வீடியோவும் 4கே மாதிரி தெரியுமா?

தெரியாது. வீடியோவில் கார்டு புதிதாக வரைய எதுவும் இல்லை. நீங்கள் கேட்பது வேறு வசதி.

டிஎல்டிஎஸ்ஆர் 2.25x, பழைய 4.00x-க்குச் சமம்னு சொல்றாங்களே?

என்விடியா அப்படித்தான் சொல்கிறது. டிஎஸ்ஆரின் இந்தப் புதிய வகை 2022 ஜனவரியில் வந்தது, ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். சாதாரண 2.25x-இல் பிரச்சினை, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மடங்கு என்பதால் பிக்சல்கள் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தாது. மங்கல் வடிகட்டி போட்டுத்தான் சமாளிக்கும். டிஎல்டிஎஸ்ஆர் அந்தச் சுருக்கும் வேலையைப் பயிற்சி பெற்ற நெட்வொர்க்கிடம் விடுகிறது. கூடவே, சிறிதாக வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்-ஐ குவாலிட்டியில் வைத்தால் உள்ளே வரைவது மறுபடி 1920×1080 தான். செலவு வெகுவாக இறங்கும், படம் சாதாரண 1080-ஐவிட நன்றாகவே நிற்கும்.

நான் ரெண்டையும் வச்சுப் பாத்தேன். டிஎல்டிஎஸ்ஆர்ல ஓரமெல்லாம் வெள்ளையா கோடு போட்ட மாதிரி இருக்கு. 4.00x தான் சுத்தம்.

அந்தக் கோடு கூர்மையாக்கலின் மிகை. `DSR - Smoothness`-ஐ ஏற்றுங்கள், டிஎல்டிஎஸ்ஆரில் அதை ஏற்றினால் கூர்மை குறையும். 4.00x-க்கு அதே ஸ்லைடரை 0-வில் வைப்பது நல்லது. இதற்குப் பிறகும் 4.00x தான் பிடிக்கிறது என்றால் மறுக்க மாட்டேன். அசையும் படத்தில் என் கண்ணுக்கும் சில கேம்களில் அதுவே மேல்.

என் லேப்டாப்ல அந்த ஆப்ஷனே இல்லண்ணா. டிரைவரை அழிச்சு மறுபடி போட்டும் வரல.

டிரைவர் மீது தப்பில்லை. பல லேப்டாப்களில் திரை இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் வழியாகத்தான் ஓடும். திரையை என்விடியா நேரடியாக ஓட்டாதபோது டிஎஸ்ஆர் காட்டாது. திரையை நேரடியாக என்விடியாவுக்கு மாற்றும் மக்ஸ் ஸ்விட்ச் இருந்தால் அதை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் என்விடியாவோடு இணைந்த போர்ட்டில் வெளி மானிட்டரைச் செருகிப் பாருங்கள்.

எழுத்தெல்லாம் எறும்பு சைஸ் ஆயிடுச்சு!

பழைய கேம்களில் அப்படித்தான், மெனு அளவு பிக்சலில் எழுதப்பட்டிருக்கும். கேமிலேயே ரெசொல்யூஷன் ஸ்கேல் இருந்தால் டிஎஸ்ஆரை விட்டுவிட்டு அதில் 150 வையுங்கள். பெரும்பாலான கேம்களில் அது ஒரு பக்கத்துக்கான கணக்கு, 2.25x-க்குச் சமம், எழுத்து பழைய அளவிலேயே இருக்கும்.