இரண்டாவது துளை இப்போது, மேல்காது கல்யாணத்துக்குப் பிறகு

"எனக்கு 26 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். நான்கு மாதத்தில் அக்காவின் கல்யாணம். அதற்குள் இரண்டு காதிலும் இரண்டாவது துளையும், இடக் காதின் மேல்பகுதியில் ஒன்றும் குத்த விருப்பம். முகம் வட்டமானது. கல்யாணத்துக்குப் போடப்போகும் கல் தோடு 10 மில்லிமீற்றர் அகலம். வேலைக்கு ஸ்கூட்டரில் போகிறேன். எந்த இடத்தில் குத்தினால் எடுப்பாக இருக்கும்? நகைக்கடையில் ஒரே நாளில் துப்பாக்கியால் எல்லாம் குத்தித் தருவதாகச் சொல்கிறார்கள். குத்தலாமா?"

சோணையில் இரண்டாவது துளையை இந்த வாரமே குத்துங்கள். மேல்காதைக் கல்யாணம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சோணை வெறும் தோலும் கொழுப்பும். இரத்தம் நன்றாக ஓடும் இடம். ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும், நான்கு மாதத்தில் நீங்கள் விரும்பும் தோட்டைப் போடலாம். மேல்பகுதி கசியிழையம். அதற்குள் சொந்தமாக இரத்தக் குழாய் இல்லை, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. அதனால் அது முழுதாக ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுக்கும். கல்யாண நாளில் தலை அலங்காரக்காரர் சீப்பும் ஸ்பிரேயும் கிளிப்புமாக இரண்டு மணி நேரம் உங்கள் காதைச் சுற்றி வேலை செய்வார். பாதி ஆறிய காயத்துக்கு அதைவிட மோசமான நாள் இல்லை.

இனி இடம். சோணையில் முதல் துளை எங்கே இருக்கிறதோ அதுதான் இரண்டாவதை முடிவு செய்கிறது. நம்மவர்களுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே குத்திவிடுவார்கள். காது வளரும்போது அந்தத் துளையும் இடம் மாறும், ஜிமிக்கி தொங்கித் தொங்கி நீளவும் செய்யும். இரண்டு காதிலும் ஒரே உயரத்தில் துளை இருப்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆகவே குத்தப் போகும் நாளில் அந்தக் கல்யாணத் தோட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் காதைப் பார்த்துக் குறித்தால் பிறகு பெரிய தோடு சின்னத் தோட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

கணக்கு எளிது. உங்கள் தோட்டின் பாதி அகலம் 5 மில்லிமீற்றர். இரண்டாவதில் 3 மில்லிமீற்றர் அகலமுள்ள சிறு கல் போடுவதாக வைத்துக்கொள்வோம், அதன் பாதி ஒன்றரை. நடுவே இரண்டு மில்லிமீற்றர் தோல் தெரிய வேண்டும். கூட்டினால் எட்டரை. முதல் துளையின் நடுவிலிருந்து இரண்டாவதின் நடுவுக்கு எட்டரை மில்லிமீற்றர் தூரம் வேண்டும். அன்றாடம் சின்னத் தோடு மட்டும் போடுகிறவர்களுக்கு ஆறு, ஏழு போதும். உங்களுக்குப் போதாது.

எட்டரை மேலே போக உங்கள் சோணையில் இடம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் சோணையைப் பிடித்து மெல்ல மேலே நகர்த்துங்கள். ஓரிடத்தில் மென்மை போய், மடக்கினால் திருப்பித் தள்ளும் விறைப்பு விரலுக்குத் தெரியும். அங்கிருந்து கசியிழையம் தொடங்குகிறது. துளை அந்த எல்லைக்குக் கீழே நிற்க வேண்டும். எட்டரை அந்த எல்லையைத் தாண்டினால் துளையை மேலே தள்ளாதீர்கள். இரண்டாவதில் 2 மில்லிமீற்றர் குமிழ் போட்டு எட்டாகக் குறையுங்கள். எல்லைக்கு மேல் குத்தினால் பார்வைக்குச் சோணை மாதிரி இருந்தாலும் மேல்காதைப் போல்தான் ஆறும்.

திசையும் முக்கியம். நேர் மேலே குத்தினால் இரண்டாவது கல் கன்னத்தோடு ஒட்டி நிற்கும், பின்னால் மிகவும் சாய்த்தால் முன்னிருந்து பார்க்கும்போது மறைந்துபோகும். சோணையின் வெளி விளிம்பு வளைகிறதல்லவா, அந்த வளைவோடு கூடவே மேலேறிப் போகட்டும். விளிம்பிலிருந்து முதல் துளை இருக்கும் தூரமே இரண்டாவதுக்கும். அது நான்கு மில்லிமீற்றருக்குக் குறையவே கூடாது, குறைந்தால் நாளடைவில் அறுந்து வரும். இரண்டு காதுக்கும் அளவுகோல் வைத்து ஒரே எண்ணைக் குறிக்க விடாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, முடியைத் தூக்கிக் கட்டி, பேனாப் புள்ளி இரண்டையும் கண்ணாடியில் நேராகப் பாருங்கள். உங்கள் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிறதா என்பதே அளவு. பிடிக்கவில்லையென்றால் அழித்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள். நான் ஒரே காதில் ஐந்து தடவை அழித்துப் போட்டதுண்டு. அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்காதவரிடம் காதைக் கொடுக்க வேண்டாம்.

முகத்துக்கு எது எடுப்பு என்பதை நான் இப்படிப் பார்க்கிறேன். காதின் உச்சி ஏறக்குறைய புருவ மட்டத்தில் இருக்கிறது, சோணை மூக்கின் அடி மட்டத்தில். வட்ட முகத்தில் கன்னம் அகலமாக இருப்பது அந்தச் சோணை மட்டத்தை ஒட்டித்தான். அங்கே பெரிய வட்டத் தோடு மட்டும் போட்டால் அகலம் இன்னும் கூடித் தெரியும். இரண்டாவது சிறு கல் பார்வையைக் கொஞ்சம் மேலே இழுக்கும், மேல்காதில் ஒரு புள்ளி மின்னினால் கண் புருவம்வரை ஏறும். பாட்டிமார் கொப்பும் முருகும் போட்ட இடமும் இதுதான்.

ஆனால் முகத்தின் வடிவத்தைவிடக் காதின் வடிவம்தான் முதலில் பார்க்க வேண்டியது. கண்ணாடி முன் நேராக நின்று, தலையைத் திருப்பாமல், மேல்காது எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். காது சற்று விரிந்து நின்றால், மேலும் பின்னுமாக வளையும் விளிம்பில் குத்தலாம். இடக் காதைக் கடிகாரமாக நினைத்தால் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில். தலையோடு ஒட்டிய காதென்றால் அந்தக் கல் பக்கவாட்டில் மட்டுமே தெரியும். அதில் தவறில்லை, ஆனால் முகத்துக்காகக் குத்துகிறவர் ஏமாறுவார். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள், ஹிஜாப் அணிகிறவர்கள், உங்களைப் போல ஹெல்மெட் போடுகிறவர்கள் அதை மாட்டிக்கொண்டு வந்து எங்கே உரசுகிறது என்று காட்டியபிறகே நான் புள்ளி வைப்பேன். விளிம்பு உள்ளே சுருண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலருக்கு அது தட்டையாக விரிந்திருக்கும், அங்கே குமிழ் சாய்ந்து நிற்கும்.

பிறகு வளையம் போட ஆசையென்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். விளிம்பிலிருந்து நான்கு மில்லிமீற்றரில் துளை இருந்தால் 8 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள வளையம் இறுக்கமாகப் பொருந்தும். குத்தும்போதே வளையம் போட்டால் அது சுழன்று காயத்தைக் கீறிக்கொண்டே இருக்கும். முதல் ஆறு மாதம் நேர்த் தண்டுதான்.

துப்பாக்கி வேண்டவே வேண்டாம். ஊசி வழியை வெட்டித் திறக்கிறது, துப்பாக்கியோ மழுங்கிய தண்டை வேகத்தில் அறைந்து உள்ளே தள்ளுகிறது. மேல்காதில் அந்த அடி கசியிழையத்தை நசுக்கி, ஊட்டம் தரும் உறையையும் பிரித்துவிடக் கூடும். பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள துப்பாக்கியை நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கவும் முடியாது. 19 வயதில் நானே ஒரு கடையில் அப்படிக் குத்திக்கொண்டேன். நான்காம் நாள் காதின் மேல்பாதி தக்காளிபோல் சிவந்து தொட முடியாமல் வலித்தது, சோணை மட்டும் வழக்கம்போல் மெத்தென்று இருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து. இன்றும் என் வலக் காதின் விளிம்பில் ஒரு சிறு மடிப்பு இருக்கிறது. தாதியாக வேலைக்குச் சேர்ந்து காது குத்தப் பழகியதற்கு அந்த மடிப்பும் ஒரு காரணம்.

கேட்டு வாங்க வேண்டியது: பொதி பிரிக்காத ஒருமுறைப் பாவனை ஊசி, உடலுக்குள் பொருத்தும் தரமுள்ள டைட்டேனியம் தோடு, பின்பக்கம் தட்டையான தகடு. சுரை போட்டுத் திருகும் 22 கரட் தோட்டை முதல் நாளே போட அம்மா சொல்லுவார். பொன் நல்லதுதான், ஆனால் 22 கரட் மென்மையானது. அதில் விழும் கீறல்களிலும் சுரையின் இடுக்கிலும் அழுக்குத் தங்கும். ஆறியபின் போடுங்கள். வீக்கத்துக்கு இடம் விட்டு முதல் தண்டு நீளமாகவே இருக்கும், மேல்காதுக்குப் பெரும்பாலும் 8 மில்லிமீற்றர். வீக்கம் வடிந்ததும், ஆறு முதல் எட்டு வாரத்தில், குத்தியவரிடமே போய்க் கட்டையான தண்டு மாற்றுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். நீண்ட தண்டு முடியிலும் துவாயிலும் மாட்டி ஆடும், துளை சாய்ந்துவிடும், பக்கத்தில் சிவப்பு முண்டு எழும்பும்.

பராமரிப்பு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பாமசியில் கிடைக்கும் 0.9 வீத சேலைனைச் சிறு அளவில் வாங்கி, திறந்தபின் நாள்கணக்கில் வைத்திருக்காமல், காலையும் மாலையும் கை கழுவிக்கொண்டு நனையுங்கள். காய்ந்த வெள்ளைப் பொருக்கு இளகியதும் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுங்கள். கொழும்பின் புழுக்கத்தில் காதின் பின்புறம் ஈரமாகவே கிடப்பதுதான் பாதித் தொல்லை. ஸ்பிரிட், மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். தோட்டைச் சுழற்றவும் வேண்டாம், ஒவ்வொரு சுழற்றலும் புதிதாக ஒட்டிய தோலைக் கிழிக்கிறது. கடலிலும் நீச்சல் குளத்திலும் சோணை ஆறும்வரை தலை முழுக வேண்டாம். ஹெல்மெட்டை நேர் மேலிருந்து இறக்காமல், பக்கங்களை இரு கையாலும் விரித்துக் காதைத் தாண்டியபின் விடுங்கள். மேல்காது குத்தியபின் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. நீங்கள் வழக்கமாக எந்தப் பக்கம் தூங்குகிறீர்கள் என்று சொல்லவில்லை. இடப் பக்கமென்றால் வலக் காதைத் தெரிவு செய்யுங்கள்.

முதல் சில நாள் சிவப்பும் இளஞ்சூடும் தெளிந்த கசிவும் வரும், அது இயல்பு. மேல்காது முழுவதும் சிவந்து வீங்கி, சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால், அல்லது காய்ச்சலோ, மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழோ வந்தால், அன்றே டொக்டரிடம் போங்கள். பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமிதான் அதற்குக் காரணம். வழக்கமாகத் தோல் புண்ணுக்கு எழுதும் மாத்திரைகள் பல அதற்கு வேலை செய்யாது. எனவே மேல்காதில் குத்தியது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நீங்களாகத் தோட்டைக் கழற்றிவிட்டுப் போக வேண்டாம், துளை மூடிச் சீழ் உள்ளே அடைபடும்.

போவதற்கு முன் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். வீட்டில் யாருக்காவது ஊசி போட்ட இடத்திலோ காது குத்திய இடத்திலோ தழும்பு காயத்தைத் தாண்டி உருண்டையாக வளர்ந்திருக்கிறதா? கெலோயிட் என்ற அந்தத் தழும்பு குத்திய பல மாதம் கழித்தும் தோன்றும், நம் நிறத் தோலுக்கு அந்தப் போக்கு கூடுதல். உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அப்படி இருந்தால் சோணையையும்கூட ஒரு தோல் வைத்தியரிடம் காட்டியபிறகே குத்துங்கள். மேல்காதை விட்டுவிடுங்கள். அந்த இடத்துக்கு இப்போது துளையில்லாமல் கவ்வும் நல்ல வளையங்கள் கிடைக்கின்றன.